யாரால் கட்டப்பட்டது?

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களில் பலர் அங்கே ஒரு கிணறு இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம். நாலு பக்கமும் படிகள் இறங்கி மடங்குகின்றன. ஒரு துறையில் குளிக்கிறவர் அடுத்த துறையில் குளிக்கிறவருக்குத் தெரியமாட்டார். அதனால் ஊரில் இதை மாமியார் மருமகள் கிணறு என்றும் சொல்வார்கள். நாலுமூலைக் கேணி என்றும் பெயர் உண்டு.

இந்தக் குறிப்பு கிணற்றைப் பற்றியது அல்ல, கிணற்றைப் பற்றி எழுதிய ஒரு கேள்வியைப் பற்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்கான உள்ளூர் வரலாற்று வினாடி வினா ஒன்றுக்காகத் தயாரான தொகுப்பில் அது இருந்தது. தொகுப்பைச் சரிபார்த்த நாலு பேரில் நானும் ஒருத்தன். கேள்வி இதுதான்:

திருவெள்ளறையில் உள்ள ஸ்வஸ்திக் வடிவக் கிணறு யாரால் கட்டப்பட்டது?
அ) தந்திவர்மன்  ஆ) கம்பன் அரையன்  இ) முதலாம் பராந்தகன்  ஈ) கரிகாலன்

சரிபார்ப்புத் தாளில் பிழைகளை எழுத இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'மொழி', இன்னொன்று 'பொருள்'. மொழிக் கட்டத்தில் "ஆங்கில வாக்கிய அமைப்பு, மாற்றவும்" என்று எழுதி அனுப்பினேன். கேள்வியைத் தயாரித்த வரலாற்று ஆசிரியை உடனே கூப்பிட்டார். "இதுல என்ன சார் தப்பு? எல்லா வினாத்தாள்லயும் இப்படித்தானே கேக்குறாங்க? செயப்பாட்டு வினை தமிழ்லயே இருக்கே, இலக்கணத்துலயே பாடம் இருக்கே?"

கேட்டதில் நியாயம் இருந்தது. "தமிழில் செயப்பாட்டு வினையே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது" என்று சிலர் சொல்வது சரியில்லை. 'செயப்படுபொருள்' என்ற இலக்கணச் சொல்லையே பாருங்கள், அதற்குள்ளேயே 'படு' உட்கார்ந்திருக்கிறது. 'எனப்படும்' என்ற சொல்லும் பழையதுதான். ஆக 'படு' நம் வீட்டுப் பிள்ளை. பிரச்சினை அந்தச் சொல்லில் இல்லை. அதை எப்போது கூப்பிடுகிறோம், எதற்காகக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஆங்கிலக்காரருக்குச் செயப்பாட்டு வினை ஏன் தேவைப்படுகிறது என்று முதலில் பார்ப்போம். அந்த மொழியில் ஒரு பெயர் வாக்கியத்தில் எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் செய்தவர் யார், செயல் எதன்மேல் நடந்தது என்று தெரியும். வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பது செயலை ஏற்றது. இப்போது கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், கிணறு என்ற சொல்லை முன்னால் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா தூக்கி முன்னால் வைத்தால் கிணறே ஏதோ வேலை செய்ததாக அர்த்தம் வந்துவிடும். எனவே வினையையே மாற்றி, செய்தவரைக் கடைசியில் 'பை' போட்டு ஒட்டவைக்கிறார்கள். அங்கே செயப்பாட்டு வினை செய்யும் பெரிய வேலைகளில் ஒன்று இது: செயலை ஏற்றதை முன்னால் கொண்டுவருவது.

தமிழில் அந்த வேலையை ஒற்றை எழுத்து செய்துவிடுகிறது. அதுதான் 'ஐ'. "இந்தக் கிணற்றை வெட்டியது யார்?" என்றால் கிணறு முன்னால் வந்துவிட்டது. அது செய்தது அல்ல, செயலை ஏற்றது என்பதும் 'ஐ' உருபால் தெரிந்துவிட்டது. நமக்குத் தெரிய வேண்டிய 'யார்' கடைசியில், அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் நிற்கிறது. வினையைத் தொடவே வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஒரு நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாட்டை அந்த நெருக்கடியே இல்லாத மொழிக்குக் கொண்டுவருவது, மழையே பெய்யாத இடத்தில் குடையை விரித்துக்கொண்டு நிற்பது போல.

ஆசிரியை இதை ஒத்துக்கொண்டார். ஆனால், "சரி சார், அழகா இல்லைன்னு வேணா சொல்லுங்க. தப்புன்னு ஏன் சொல்றீங்க?" என்றார். அதற்குப் பதில் சொல்லத்தான் கிணற்றுக் கல்வெட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கல்வெட்டு கிணற்றிலேயே இருக்கிறது. பல்லவன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் வேலை முடிந்தது என்கிறது. அதாவது ஏறத்தாழ கி.பி. 800. ஆலம்பாக்கத்து விசைய நல்லூழான் என்பவரின் தம்பி கம்பன் அரையன் இதைச் செய்தார், கிணற்றின் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு என்றும் சொல்கிறது. மார்ப்பிடுகு என்பது அரசனுக்குரிய பட்டப்பெயர். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காலம் அரசனுடையது, பெயரும் அரசனுடையது, வேலையை ஏற்று நடத்தியவர் கம்பன் அரையன், மண்ணை வெட்டிப் படிக்கல் அடுக்கியவர்கள் பேர் தெரியாத ஆட்கள். இதில் "யாரால்" என்றால் யார்?

'ஆல்' என்பது மூன்றாம் வேற்றுமை உருபு. அதற்குக் கருவிப் பொருள் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு. கருத்தாவையும் நம் இலக்கணக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: தானே செய்பவர் இயற்றுதல் கருத்தா, ஆளை வைத்துச் செய்விப்பவர் ஏவுதல் கருத்தா. பள்ளிப் பாடத்தில் இதற்குச் சொல்லும் உதாரணம் நம்ம ஊர்ப்பக்கம்தான். சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது என்றால் அவரே எழுதினார். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால் அவன் கல் சுமக்கவில்லை, சுமக்க வைத்தான். இரண்டு வாக்கியத்துக்கும் உருபு ஒன்றே, அமைப்பும் ஒன்றே. எது எந்தக் கருத்தா என்று உருபு சொல்லாது, நாம்தான் உலக அறிவால் ஊகிக்க வேண்டும். இலக்கணம் இப்படி இரண்டு பெயர் வைத்துப் பிரித்ததே, உருபை மட்டும் பார்த்தால் இரண்டும் குழம்பும் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரிகாலன் உதாரணத்தைப் படித்து வளர்ந்த பிள்ளை இந்தக் கேள்வியைப் பார்த்தால் என்ன செய்யும்? "அரசன் ஏவினான், எனவே அரசனால் கட்டப்பட்டது" என்றுதான் நினைக்கும். மார்ப்பிடுகு அரசனின் பட்டம் என்று கூடுதலாகத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் இன்னும் நிச்சயமாகத் தந்திவர்மன் என்று குறிக்கும். விடைக்குறிப்பில் கம்பன் அரையன். அதிகம் படித்த பிள்ளைக்கு மார்க் போய்விடும், கிணற்றோடு ஒரே ஒரு பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு மார்க் கிடைக்கும். கேள்வி சோதிக்க வேண்டியதற்கு நேர் எதிரானது இது.

கல்வெட்டு இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. அது பயன்படுத்தும் வினை 'முற்றுவித்தான்'. முற்று என்பதோடு 'வி' சேர்ந்த பிறவினை. 'முடிக்கச் செய்தான்' என்று அர்த்தம். கடப்பாரை பிடித்தவர்கள் வேறு, காரியத்தை நடத்தி முடித்தவர் கம்பன் அரையன் என்பதை அந்த ஒரு 'வி' சொல்லிவிடுகிறது. வெட்டினான், வெட்டுவித்தான்; கட்டினான், கட்டுவித்தான் என்று செய்தவரையும் செய்வித்தவரையும் வினைக்குள்ளேயே பிரித்துக் காட்டும் வசதி நமக்கு இருக்கிறது. 'யாரால் ... ப்பட்டது' என்று போட்டவுடன் அந்த வசதியை நாமே கைகழுவிவிடுகிறோம். 1200 வருஷத்துக்கு முன் உளி பிடித்தவருக்குத் தெளிவாக இருந்த விஷயம் நம் வினாத்தாளில் மங்கிப்போகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். கிணற்றை யாராவது கட்டுவார்களா? கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதாகத்தானே பழமொழி. கிணறு வெட்டுவோம், குளம் தோண்டுவோம், ஏரிக்குக் கரை போடுவோம், அணை கட்டுவோம். ஆங்கிலத்தில் 'பில்ட்' என்று இருந்திருக்கும், அகராதியில் 'கட்டு' என்று இருந்திருக்கும், அப்படியே வந்து இறங்கிவிட்டது. படிக்கிணறு என்பதால் கல் அடுக்கிக் கட்டியதும் உண்டு என்று ஆசிரியை வாதாடினார். நியாயம்தான், இதை நான் விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் இந்த மாதிரிச் சொற்கள், கேள்வி எந்த மொழியில் முதலில் பிறந்தது என்பதற்குத் தடயம். கேட்டுப் பார்த்தபோது அதுதான் உண்மை. ஓர் ஆங்கிலச் சுற்றுலாக் கையேட்டிலிருந்து குறிப்பு எடுத்து, கேள்வியை ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு தமிழில் எழுதியிருக்கிறார்.

பெரிய தேர்வுகளிலும் வழி இதேதான். இருமொழி வினாத்தாள்களில் பொதுவாக ஆங்கில மூலம் முதலில் வரும், தமிழ் பின்னால் வரும். டி.என்.பி.எஸ்.சி. வினாத்தொகுப்பின் முகப்பில், சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று ஒரு குறிப்பு இருக்கும். இந்த ஒரு வரி மொழிபெயர்ப்பாளரை என்ன செய்யும் என்று யோசியுங்கள். வாக்கியத்தைத் தமிழாக மாற்றி எழுதினால் "கேள்வியையே மாத்திட்டீங்க" என்று யாராவது கேட்பார்கள். ஆங்கிலத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே ஒரு தமிழ் உறுப்பை வைத்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. 'பை ஹூம்' என்றால் 'யாரால்', 'வாஸ் பில்ட்' என்றால் 'கட்டப்பட்டது'. பாதுகாப்பான வழி. பெரும்பாலும் இது அறியாமையால் வருவதல்ல, பயத்தால் வருவது என்றே நினைக்கிறேன்.

2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று டி.கே. ரங்கராஜன் வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்விக்கு 4 மார்க் வீதம் 196 மார்க் கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, பிறகு ரத்தும் செய்தது. அங்கே அதிகம் பேசப்பட்டது சொற்பிழை. சிறுத்தை 'சீத்தா' ஆன கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். சொல் தப்பாக இருந்தால் கையைக் காட்டிச் சொல்லலாம். வாக்கிய அமைப்பு ஒருவரை மெதுவாகத் தடுமாற வைப்பதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? அதைத் தேர்வுக்கு முன்பே, சரிபார்ப்பு மேசையிலேயே பிடித்தால்தான் உண்டு.

எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், நான் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. கேள்வியை வாய்விட்டுப் படிப்பேன். பிறகு அதே விஷயத்தைக் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் எப்படிக் கேட்பேன் என்று சொல்லிப் பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவில் தூரம் அதிகமாக இருந்தால் மீண்டும் எழுத வேண்டும். பேச்சுத் தமிழிலேயே வினாத்தாள் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் விகுதி மாறும், ஒலி மாறும், வாக்கியத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் மாறாது. எலும்புக்கூடே மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அதே தொகுப்பில் இருந்த இன்னொரு கேள்வி இதற்கு நல்ல உதாரணம். திருவெள்ளறையில் இரண்டு வாசல்கள் உண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். கேள்வி இப்படி: "உத்தராயண வாசல் எந்த மாதங்களில் பக்தர்களின் பயன்பாட்டிற்காகத் திறக்கப்படுகிறது?" இதைப் பூக்கார அம்மாவிடம் எப்படிக் கேட்போம்? "இந்த வாசல் எந்த மாசம்மா திறக்கும்?" அவ்வளவுதான்.

கவனியுங்கள், வாசல் திறக்கும் என்கிறோம். வாசல் தானாகவா திறந்துகொள்கிறது? யாரோ சாவி எடுத்துவந்து திறக்கிறார்கள். ஆனாலும் 'வாசல் திறக்கப்படும்' என்று நாம் சொல்வதில்லை. செயலை ஏற்ற பொருளையே செய்தது போலச் சொல்வது வழக்குதான் என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்லியிருக்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது, மெழுகியவர் யார் என்பது அங்கே முக்கியமில்லை. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை செய்யும் இன்னொரு வேலை இது, செய்தவரை மறைப்பது. அதற்கும் நம்மிடம் வேறு வழி இருக்கிறது, வழியும் ஒன்றல்ல. "நடை சாத்தியாச்சு" என்கிறோம். "ஆறு மணிக்குத் திறப்பாங்க" என்று ஆள் யாரென்று சொல்லாமல் பன்மையில் சொல்கிறோம். உடைத்தார்கள் என்று சொல்லாமல் உடைந்தது என்கிறோம். இத்தனை வாசல் திறந்திருக்க, எல்லாரும் 'படு' என்ற ஒரே வாசலில் முண்டியடிப்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் கேள்வியை "உத்தராயண வாசல் எந்த மாதங்களில் திறந்திருக்கும்?" என்று மாற்றினோம். பக்தர்களின் பயன்பாட்டிற்காக என்பது தானாக உதிர்ந்துவிட்டது. கோயில் வாசல் வேறு யார் பயன்பாட்டுக்காம்?

மூன்றாவது கேள்விதான் நிஜமாகவே ஆபத்தானது. "திருவெள்ளறைக் கோயில் குறித்துப் பின்வரும் கூற்றுகளில் எது தவறாகக் கூறப்படவில்லை?" இதை எத்தனை தடவை படித்தாலும் ஒரு நொடி நிற்க வேண்டியிருக்கிறது. தவறாகக் கூறவில்லை என்றால் சரியாகக் கூறியது என்றா, கூறவே இல்லை என்றா? செயப்பாட்டு வினையில் எதிர்மறை வரும்போது 'இல்லை' கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது 'தவறாக' என்பதை மறுக்கிறதா, 'கூறு' என்பதை மறுக்கிறதா என்பது வாசிப்பவர் தலையில் விழுகிறது. தேர்வு அறையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதிக் கேள்வியைப் படித்துவிட்டு 'தவறு' என்ற சொல்லை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு தவறான கூற்றைக் குறித்துவிட்டு வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "சரியான கூற்று எது?" மூன்றே சொல். "எது சரியாகப் பொருத்தப்பட்டுள்ளது?" என்பதற்கும் இதே மருந்துதான்: "சரியான இணை எது?"

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவிலேயே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருத்தர் இருந்தார். பச்சை மை பேனாவை எடுத்தார் என்றால் தொகுப்பில் ஒரு 'படு' மிஞ்சாது. 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்பதை 'பாதுகாத்த நினைவுச்சின்னம்' ஆக்கிவிட்டார். கேட்டால், "நான் கட்டிய வீடு என்று சொல்கிறோமே தம்பி, கட்டப்பட்ட வீடு என்றா சொல்கிறோம்?" என்றார்.

அவர் பிடித்தது நல்ல நுனிதான். தமிழ்ப் பெயரெச்சம் ரொம்பத் தாராளமானது. 'வெட்டிய' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் செய்தவர் வரலாம் (கிணறு வெட்டிய ஆள்), செயலை ஏற்றது வரலாம் (அவர் வெட்டிய கிணறு), கருவி வரலாம் (கிணறு வெட்டிய கடப்பாரை), இடமோ காலமோ வரலாம் (கிணறு வெட்டிய ஆண்டு). ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் தனித்தனி ஏற்பாடு வேண்டும். அதனால் 'பல்லவர் காலத்தில் வெட்டப்பட்ட கிணறு' என்பதைப் 'பல்லவர் காலத்தில் வெட்டிய கிணறு' என்று தாராளமாக எழுதலாம். கிணறு எதையும் வெட்டாது என்று எல்லாருக்கும் தெரியும், குழப்பம் வராது.

ஆனால் பின்னால் வருவது மனுஷனாகிவிட்டால் கதை மாறிவிடும். 'கொலை செய்த நபர்' வேறு, 'கொலை செய்யப்பட்ட நபர்' வேறு. இங்கே 'படு'வைப் பச்சை மையால் அடித்தால் செத்தவன் கொலைகாரன் ஆகிவிடுவான். 'கைது செய்தவர்' போலீஸ்காரர், 'கைது செய்யப்பட்டவர்' உள்ளே இருக்கிறவர். செய்யவும் முடியும், ஏற்கவும் முடியும் என்கிற இடத்தில் 'படு' இல்லாமல் சரிவராது. நினைவுச்சின்னத்தில் வேறு காரணம். 'பாதுகாத்த' என்று நிறுத்தினால் யார் என்ற இடம் காலியாகத் தொங்குகிறது, எப்போதோ பாதுகாத்து முடித்துவிட்டது போலவும் ஒலிக்கிறது. சட்டப்படி இப்போதும் ஒரு நிலையில் இருக்கிறது என்பதைப் 'பாதுகாக்கப்பட்ட' என்பதுதான் சொல்கிறது. 'தேர்வு ஒத்திவைக்கப்பட்டது' என்று ஓர் அலுவலகம் அறிவிப்பதிலும் எனக்குக் குறை இல்லை. யார் ஒத்திவைத்தார்கள் என்று சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை. அந்த விருப்பமின்மைக்கு அது பொருத்தமான வாக்கியம்.

ஐயாவிடம் இதைச் சொன்னபோது கொலை உதாரணத்துக்குச் சிரித்துவிட்டார். நினைவுச்சின்னத்தில் மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. "பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் என்று போடுங்க" என்றார். சரி, அதுவும் தமிழ்தான், போட்டுவிட்டோம்.

ஆக, ஒவ்வொரு 'படு' வந்தபோதும் குழுவில் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். செய்தவர் பெயர்தான் விடை என்றால், எதற்காக அவரை 'யாரால்' என்று மூலையில் உட்கார வைக்கிறோம்? 'படு'வை எடுத்தால் அர்த்தம் மாறுகிறதா, இல்லையா? முதல் கேள்வியிலேயே பெரும்பாலானவை விழுந்துவிட்டன. 'திருவெள்ளறை என்று ஏன் அழைக்கப்படுகிறது?' என்பது 'திருவெள்ளறைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?' ஆயிற்று. வெண்மையான பாறை, அறை என்றால் பாறை. விடையும் நேராக வந்துவிடும். 'எதற்காக அறியப்படுகிறது' என்ற சொற்றொடரை நான் எந்தக் கருணையும் இல்லாமல் அடித்தேன். ஊர் எதற்குப் பேர்போனது என்று கேட்க நமக்குத் தெரியாதா? 'என அழைக்கப்படும்' ஓரிரண்டு இடத்தில் தங்கிவிட்டது. அதனால் யாரும் மார்க் இழக்கப்போவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

சரிபார்ப்புத் தாளில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். கிணற்றுக் கேள்விக்கு எதிரே மொழிக் கட்டத்தில் எழுதியதை அடித்துவிட்டுப் பொருள் கட்டத்தில் எழுதினேன். வழக்கத்தில் மொழிக் கட்டத்தில் உள்ளதை நேரம் இருந்தால் திருத்துவார்கள், இல்லையென்றால் அப்படியே அச்சுக்குப் போகும். பொருள் கட்டத்தில் இருந்தால் திருத்தாமல் போகாது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை சரியாக வருகிறது என்பது நடை பற்றிய குறை அல்ல, கேள்வியே பழுது. அதை உண்டாக்கியது வாக்கிய அமைப்பு என்பதற்காகச் சின்னப் பிழை ஆகிவிடாது.

'வெட்டுவித்தவர்' என்று போடலாமா என்று கொஞ்சம் பேசினோம். எனக்கு ஆசைதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்தச் சொல்லிலேயே தடுக்கி விழும் என்று ஆசிரியை சொன்னார், அவர் சொன்னது சரி. கடைசியில் அவரே எழுதினார். ஒரு கேள்வி இரண்டு கேள்வியாக அச்சுக்குப் போனது:

12. திருவெள்ளறையில் மார்ப்பிடுகு பெருங்கிணற்றை வெட்டும் வேலையை ஏற்று நடத்தி முடித்தவர் யார்?

13. அப்போது ஆட்சியில் இருந்த பல்லவ அரசர் யார்?